ஒரே எண் போதுமா?

12, 18 ஆகியவற்றின் மடங்குகளைக் கூட்டியும் கழித்தும் பெறும் எண்களின் தொகுதியை எடுத்துக்கொள்வோம். இதற்குள் கூட்டலாம், கழிக்கலாம். எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் விடை உள்ளேயே நிற்கும். இத்தகைய தொகுதியே சீர்மம். (0 மட்டும் உள்ள சீர்மத்திற்கு 0-வே போதும்.)

இதிலுள்ள மிகச்சிறிய மிகை எண் 18 − 12 = 6. தொகுதியின் எந்த எண்ணையும் 6-ஆல் வகுப்போம். மீதி என்பது அவ்வெண்ணிலிருந்து 6-இன் மடங்கைக் கழித்தது. ஆகவே அதுவும் தொகுதியில் உண்டு. ஆனால் அது 6-ஐவிடச் சிறியது! எனவே மீதி 0. எல்லாம் 6-இன் மடங்குகளே.

விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளில், மிகக் குறைந்த படியுள்ள கோவையால் வகுத்தால் இதே வாதம் செல்லும். கெழுக்கள் முழு எண்களாயின் செல்லாது. X-ஐ 2-ஆல் வகுக்க முடியாதே! 2-உம் x-உம் உண்டாக்கும் சீர்மத்தில் இரண்டையும் வகுப்பவை 1, −1 மட்டுமே. அவையோ அதில் இல்லை. அங்கே மாறிலி உறுப்பு எப்போதும் இரட்டைப்படை.