ரொக்கத் தள்ளுபடி: பத்தாம் நாள் எது?

மைசூரு ஊதுவத்தி உற்பத்தியாளர் ஒருவர், ரூ.1,00,000-க்கான விலைப்பட்டியலில், ‘தவணை 30 நாள், பட்டியல் தேதியிலிருந்து 10 நாள்களுக்குள் செலுத்தினால் 2 விழுக்காடு தள்ளுபடி’ என்று குறிப்பதாகக் கொள்வோம். பட்டியல் தேதி மார்ச் 10. அந்நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உண்டியல்களின் தவணையைக் கணக்கிட மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881 வகுத்துள்ள முறையும் இதுவே. ஆகவே முதல் நாள் மார்ச் 11. பத்தாம் நாள் மார்ச் 20. அன்று வரை ரூ.98,000 போதும், மறுநாள் முதல் முழுத்தொகை.

சரக்கு 14-ஆம் தேதி சேர்ந்தால், வாங்குபவர் அன்றிலிருந்து எண்ணக்கூடும். 20-ஆம் தேதி தந்த காசோலை பின்னரே வரவாகலாம். எனவே எண்ணிக்கை தொடங்கும் நாளையும், ‘கணக்கில் வரவாகும் நாளே செலுத்திய நாள்’ என்பதையும் பட்டியலிலேயே எழுதிவிடுக. நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் முதல் விடுமுறை நாள்களிலும் இயங்குவதால், ஞாயிறன்று முடியும் கெடுவையும் நீட்டிக்க வேண்டியதில்லை.