அதிகாரியின் கடிதம் அரசைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: அனுமதி தேவையில்லை என்று எழுதிக் கொடுத்த அலுவலகமே பிறகு நடவடிக்கை எடுக்கலாமா?

பதில்: பெரும்பாலும் எடுக்கலாம். இங்கிலாந்தின் சவுத்எண்ட் நகரில் ஒரு மனையைக் கட்டுமானப் பொருள் கிடங்காகப் பயன்படுத்த அனுமதி தேவையில்லை என்று நகராட்சிப் பொறியாளர் எழுதினார். அதை நம்பி ஒரு நிறுவனம் மனையை வாங்கியது. பின்னர் நகராட்சி, பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி அறிவிக்கை அனுப்பியது. சொன்ன சொல்லை மாற்றக் கூடாது என்ற முரண்தடை விதியை நிறுவனம் துணைக்கழைத்தது. 1961இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: சட்டம் தந்த விருப்புரிமையைப் பயன்படுத்துவதை முரண்தடையால் தடுக்க முடியாது.

நம்பியவருக்கு இது அநீதி அல்லவா என்று கேட்கலாம். நட்டம் உண்மைதான். ஆனால் அந்த அதிகாரம் அக்கம்பக்கத்தாரின் நலனுக்காகவும் தரப்பட்டது. அவர்கள் அந்தக் கடிதத்துக்குத் தரப்பினர் அல்லர். அதிகாரியின் தவறான சொல்லே செல்லுமானால், சட்டம் தராத அதிகாரத்தை அவர் தமக்குத் தாமே வழங்கிக்கொள்வார். அப்படியானால் அரசின் வாக்குறுதிக்கு மதிப்பே இல்லையா? உண்டு. 1978இல் மோதிலால் பதம்பத் சர்க்கரை ஆலை வழக்கில், வரிவிலக்கு வாக்குறுதிக்கு உத்தரப் பிரதேச அரசு கட்டுப்பட்டது என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; விலக்களிக்கும் அதிகாரம் அரசுக்குச் சட்டப்படியே இருந்தது. சட்டத்துக்கு எதிராக முரண்தடை இல்லை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே கடிதத்தை நம்பிப் பணம் போடாதீர்கள். அதிகாரம் பெற்றவரிடம் முறைப்படி விண்ணப்பித்து ஆணையாகவே பெறுங்கள்.