நோன்புக் கஞ்சிச் சீட்டு: படியைக் கிலோவாக்கும் கணக்கு



சென்ற ரமலானில் ஒரு நாள் நம் கஞ்சி வரிசையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். நூறு பேருக்கு என்று காய்ச்சிய கஞ்சி அறுபது பேரைத் தாண்டியதும் தீர்ந்துவிட்டது. தூக்குவாளியோடு நின்ற பிள்ளைகள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கஞ்சி கிடைத்தவர்களும் காரம் தூக்கலாக இருந்ததாகச் சொன்னார்கள். அன்று சமைத்தவர் பழைய சீட்டில் இருந்த எதையும் விடவில்லை. அந்தச் சீட்டைப் படித்த விதத்தில்தான் பிழை இருந்தது.

இந்த ஆண்டு ஒரு இளைய சகோதரர் அந்தச் சீட்டைப் போனில் படம் எடுத்து, "இதைப் பயன்படுற மாதிரி எழுதித் தாங்க அண்ணே" என்று எனக்கு அனுப்பினார். மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையும் படிந்த அட்டை. அதில் இருந்தது இதுதான்:

நூறு பேருக்கு
நொய் 3 ப.
பா. பருப்பு 1 ப.
கறி 1 வீ.
வெங்காயம் அரை வீ.
இஞ்சி 5 ப., பூண்டு 5 ப.
வெந்தயம் 2 ப.
பட்டை கிராம்பு 2 ரூ. எடை
தேங்காய் 5
மல்லி புதினா அரையணாவுக்கு
உப்பு

தண்ணீர் எவ்வளவு என்பது இதில் இல்லை. அட்டையின் பின்பக்கத்தையும் படம் எடுக்கச் சொன்னேன். அங்கே "தண்ணீர் 24 ப." என்று இருந்தது. உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது சீட்டு இருந்தால் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் படம் எடுங்கள். மங்கிய எழுத்தின் மேல் பேனாவால் எழுதிவிடாதீர்கள்.

ஒரே எழுத்து, இரண்டு அளவு

இந்தச் சீட்டில் முதல் சிக்கல் "ப." என்ற எழுத்து. அது படியாகவும் இருக்கலாம், பலமாகவும் இருக்கலாம். படி என்பது கொள்ளளவு. பலம் என்பது எடை, சுமார் 35 கிராம். எழுதியவருக்குக் குழப்பமே இல்லை, ஏனென்றால் எந்தப் பொருளை முகந்து அளப்பார்கள், எதைத் தராசில் நிறுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நாம் இரண்டையும் வைத்துப் பார்க்க வேண்டும். பருப்பு ஒரு பலம் என்றால் நூறு பேருக்கு 35 கிராம். அண்டாவில் அது இருக்கிற இடமே தெரியாது. ஆகவே அது படி. வெந்தயம் இரண்டு படி என்றால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், கஞ்சியை வாயில் வைக்க முடியாது. ஆகவே அது பலம், 70 கிராம். இஞ்சி, பூண்டு, வெந்தயம் மூன்றும் பலம் என்றும், நொய், பருப்பு, தண்ணீர் மூன்றும் படி என்றும் இப்படிப் பிரிந்தன.

எடைக் கணக்கு எளிது

எடைக்கு மாற்றுக் கணக்கு உண்டு. நாற்பது பலம் ஒரு வீசை, அதாவது சுமார் 1 கிலோ 400 கிராம். "2 ரூ. எடை" என்பதை இரண்டு ரூபாய்க்கு வாங்கியது என்று படிக்கக் கூடாது. பழைய வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை, ஏறக்குறைய 12 கிராம். தராசில் அந்த நாணயத்தையே எடைக்கல்லாக வைத்தார்கள். ஆகவே பட்டையும் கிராம்பும் சேர்த்து 24 கிராம்.

"அரையணாவுக்கு" என்பது மட்டும் விலை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அணா போய்விட்டது. அன்று அரையணாவுக்கு எவ்வளவு தழை கொடுத்தார்கள் என்பதை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அந்த இடத்தை ஊகத்தால் நிரப்பாமல், காய்ச்சிப் பார்த்து முடிவு செய்ய விட்டுவைத்தேன்.

படியை ஏட்டில் தேடக் கூடாது

சென்ற ஆண்டு தவறு நடந்த இடம் இதுதான். ஒரு படி என்றால் ஒரு கிலோ, தண்ணீருக்கு ஒரு லிட்டர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் படி ஊருக்கு ஊர் மாறும். பட்டணம் படி ஏறக்குறைய 1.6 லிட்டர். சிறிய படியும் உண்டு. பிற்காலத்தில் ஒரு லிட்டர் பாத்திரத்தையும் சிலர் படி என்றே சொன்னார்கள். சீட்டு எந்தப் படியால் அளக்கப்பட்டதோ அந்தப் பாத்திரமே சாட்சி.

பள்ளிவாசல் சாமான் அறையில் பழைய பித்தளைப் படி ஒன்று கிடந்தது. அதைக் கழுவித் தராசில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினோம். படியின் எடையைக் கழித்தால் தண்ணீர் மட்டும் 1 கிலோ 620 கிராம். ஒரு கிலோ தண்ணீர் ஒரு லிட்டர், ஆகவே இது 1.62 லிட்டர் படி. பிறகு ஈரம் துடைத்து, நொய்யை நிரப்பித் தலைதட்டி நிறுத்தோம். 1 கிலோ 300 கிராம் இருந்தது. பருப்பு 1 கிலோ 350 கிராம். ஒரே படியில் மூன்று பொருளுக்கு மூன்று எடை வருவதால்தான் "ஒரு படிக்கு இத்தனை கிலோ" என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

இப்போது சென்ற ஆண்டின் கணக்கைப் பாருங்கள். நொய் 3 கிலோ 900 போட வேண்டிய இடத்தில் 3 கிலோ. தண்ணீர் 39 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 24 லிட்டர். கஞ்சி பதமாகத்தான் வந்தது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே குறைந்தன. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் மொத்தம் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே போய்விட்டது. பலத்தையும் வீசையையும் சரியாக மாற்றியதால் இஞ்சியும் பூண்டும் பட்டையும் நூறு பேர் அளவுக்கே விழுந்தன. கஞ்சி பற்றாமல் போனதற்கும் காரம் தூக்கியதற்கும் காரணம் ஒன்றே. பதம் சரியாக இருந்து, அளவு குறைந்து, மசாலா மட்டும் தூக்கினால் படிக் கணக்கில் பிழை என்று அறியலாம்.

பத்தில் ஒரு பங்கு

புதிய அளவை அண்டாவில் ஏற்றுமுன் எல்லாவற்றையும் பத்தால் வகுத்துப் பத்துப் பேருக்குக் காய்ச்சினோம். நொய் 390 கிராம், தண்ணீர் 3.9 லிட்டர். சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் வேகமாக வற்றும், அதனால் அரை லிட்டர் வெந்நீர் கூடுதலாகப் பிடித்தது. அண்டாவில் அவ்வளவு வேண்டியிராது. உப்பை நிறுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, மீதியை நிறுத்துக் கழித்தோம். பத்துப் பேருக்கு 40 கிராம் பிடித்தது. மல்லியும் புதினாவும் சேர்த்து ஒரு கைப்பிடி, 30 கிராம்.

அரசு பள்ளிவாசல்களுக்குத் தரும் பச்சரிசி கிலோவில்தான் வருகிறது. ஆகவே இனி சமையலறையில் தொங்கும் சீட்டு இதுதான்:

நூறு பேருக்கு
நொய் 3 கிலோ 900 கிராம்
பாசிப்பருப்பு 1 கிலோ 350 கிராம்
தண்ணீர் 39 லிட்டர்
கறி 1 கிலோ 400 கிராம்
வெங்காயம் 700 கிராம்
இஞ்சி 175 கிராம், பூண்டு 175 கிராம்
வெந்தயம் 70 கிராம்
பட்டை, கிராம்பு 24 கிராம்
தேங்காய் 5
மல்லி, புதினா 300 கிராம் (எங்கள் முடிவு)
உப்பு 350 கிராமில் தொடங்கி, ருசி பார்த்து 400 வரை (எங்கள் முடிவு)

"எங்கள் முடிவு" என்று எழுதியவை சீட்டில் இல்லாதவை. நாளை ஒருவர் மாற்றினால் எதை மாற்றலாம், எது பழைய கை என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிக் குறித்தோம். தண்ணீர் கொதித்த பிறகே நொய்யைப் போட்டு, அடிவரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறினால் கஞ்சி இறுகும், அப்போது வெந்நீர் மட்டும் சேர்க்கவும்.

பழைய அட்டையை ஒரு கண்ணாடித் தாள் உறையில் போட்டு, அந்தப் பித்தளைப் படிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். இரண்டையும் பிரித்துவிட வேண்டாம். படி தொலைந்தால் சீட்டில் உள்ள 3 என்ற எண்ணுக்குப் பொருள் இல்லாமல் போய்விடும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்