ஞாயிற்றுக்கிழமை அரிசி தீர்ந்துபோகிறதா? மண்டிக்கு எழுத வேண்டிய கடிதம்

தங்கச்சி, மாவுக்கடை வைத்திருப்பவர்களுக்கு இட்லி அரிசிதான் உயிர். உளுந்து கொஞ்சம் குறைந்தால் பக்கத்துக் கடையில் வாங்கிச் சமாளிக்கலாம். அரிசியில் அது நடக்காது. வேறு அரிசி போட்டால் தண்ணீர் இழுக்கும் அளவு மாறும், மாவு பொங்குவது மாறும், மறுநாளே வாடிக்கைக்காரர் "என்னக்கா, இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்று வந்து நிற்பார். அதனால் அந்த ஒரு அரிசி அடிக்கடி தீர்ந்துபோனால் போனில் சண்டை போடாதே. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுது. ஆனால் எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்கு போட வேண்டும். கடிதத்துக்குப் பலமே அந்தக் கணக்குதான்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு 10 மூட்டை அரிசி, ஒவ்வொன்றும் 26 கிலோ. (2022 ஜூலையில் 25 கிலோ வரை உள்ள, பெயர் அச்சிட்ட அரிசிப் பைகளுக்கு ஜிஎஸ்டி வந்ததிலிருந்து 26 கிலோ மூட்டை புழக்கத்துக்கு வந்துவிட்டது. கணக்கு போடும்போது உன் மூட்டையின் எடையைப் பார்த்துக்கொள்.) திங்கள் முதல் வியாழன் வரை நாளுக்கு ஒரு மூட்டை ஊறப்போடுகிறார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இரண்டிரண்டு மூட்டை. மொத்தம் சரியாகப் பத்து. மண்டி வண்டி திங்கட்கிழமை காலையில் வருகிறது.

இதில் கோளாறு எங்கே இருக்கிறது, பார். திங்கட்கிழமை லோடு என்றால் அந்த லோடின் கடைசி மூட்டைகள் ஞாயிற்றுக்கிழமைக்கு. வண்டியில் இரண்டு மூட்டை குறைந்தால் திங்கள், செவ்வாயில் அது உனக்குத் தெரியவே தெரியாது. நேராக ஞாயிற்றுக்கிழமையில் போய் இடிக்கும். வாரத்திலேயே பெரிய வியாபார நாள், மண்டியும் மூடியிருக்கும் நாள். மண்டிக்காரர் நோட்டில் பார்த்தால் "மாசத்துக்கு இத்தனை மூட்டை ஏத்தியாச்சே" என்பார். அவர் சொல்வதிலும் பெரிய பொய் இல்லை. மொத்தத்தில் குறைவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் விழுகிற நாள்தான் தப்பான நாள்.

அதனால் "சீக்கிரம் அனுப்புங்கள்" என்று கேட்காதே, "நாளை மாற்றுங்கள்" என்று கேள். வியாழக்கிழமை காலையில் பத்து மூட்டை வந்தால் வியாழன் ஒன்று, வெள்ளி முதல் ஞாயிறு வரை ஆறு, திங்கள் முதல் புதன் வரை மூன்று. இப்போது இரண்டு மூட்டை குறைந்தால் அது செவ்வாயும் புதனும்தான். மந்தமான நாட்கள், மண்டி திறந்திருக்கும் நாட்கள், கேட்டு வாங்கிக்கொள்ள நேரமும் இருக்கிறது. மண்டிக்கும் ஒரு வண்டி வாடகைகூட அதிகம் ஆகாது. வாரத்துக்கு இரண்டு தடவை அனுப்புங்கள் என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இரண்டாவது நடைக்கான வாடகையை யார் கொடுப்பது என்ற பேச்சிலேயே அந்தக் கோரிக்கை நின்றுவிடும். ஒரே நடையில் வேலை முடியும் என்றால் அதையே கேள்.

வியாழன் என்று நான் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கடைக்கு வரும் டிரைவரிடம் கேட்டால், மில்லிலிருந்து மண்டி குடோனுக்குச் சரக்கு இறங்குவது புதன்கிழமை என்பார். திங்கட்கிழமை குடோனில் இருப்பது மிச்சம் மீதிதான், குறைவதே அதனால்தான். உன் மண்டிக்கு மில் லோடு என்றைக்கு வருகிறது என்று கணக்குப்பிள்ளையிடமோ டிரைவரிடமோ முதலில் விசாரி. மில் லோடு வந்த மறுநாள் உன் நாளாக இருக்கட்டும்.

நீ ஆர்டர் சொல்லும் நேரத்தையும் சரிபார். வண்டியில் ஏற்றி முடித்த பிறகு போன் செய்துவிட்டு அவரைக் குறை சொன்னால் கடிதம் நிற்காது.

இனி கடிதம். இப்படி எழுது:

"30.06.2025

ஐயா, வணக்கம்.

பொருள்: இட்லி அரிசி லோடு வரும் நாளைத் திங்கட்கிழமையிலிருந்து வியாழக்கிழமைக்கு மாற்றக் கோருதல்.

எங்கள் கடைக்கு வாரம் 10 மூட்டை இட்லி அரிசி தங்களிடமிருந்துதான் வருகிறது. ஜூன் மாத வரவு: 2ஆம் தேதி 10 மூட்டை, 9ஆம் தேதி 8 மூட்டை, 16ஆம் தேதி வர வேண்டிய 10 மூட்டை 17ஆம் தேதி வந்தது, 23ஆம் தேதி 8 மூட்டை. இதனால் 15ஆம் தேதி ஞாயிறும் 16ஆம் தேதி திங்களும் மாவு அரைக்க முடியவில்லை. 29ஆம் தேதி ஞாயிறு பாதிதான் அரைத்தோம்.

தங்கள் குடோனுக்குப் புதன்கிழமை சரக்கு வருவதாக அறிகிறோம். எனவே ஜூலை 10 முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை 10 மணிக்குள் 10 மூட்டை அனுப்ப வேண்டுகிறோம். இடையில் ஜூலை 7 திங்களன்று மட்டும் 3 மூட்டை போதும். முதல் வியாழனன்று கூடுதலாக 2 மூட்டை, ஒருமுறை மட்டும், இருப்பில் வைக்க வேண்டும்.

ஆர்டரைச் செவ்வாய் மாலையே சொல்லிவிடுகிறோம். முந்தைய லோடின் பணத்தை வண்டி வரும்போதே கொடுத்துவிடுகிறோம். மூட்டை குறையும் என்றால் புதன் மாலைக்குள் ஒரு போன் செய்தால் போதும்.

இந்த ஏற்பாடு தங்களுக்குச் சரிவருமா என்று ஜூலை 3க்குள் தெரிவிக்க வேண்டுகிறோம்."

இவ்வளவுதான் கடிதம். "அடிக்கடி", "எப்போதும்", "பெரும் நஷ்டம்" என்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை, கவனித்தாயா? தேதியும் மூட்டைக் கணக்கும் இருந்தால் அந்தச் சொற்கள் தேவைப்படாது. சரியாக வந்த ஜூன் 2ஐயும் சேர்த்து எழுதியது வேண்டுமென்றேதான். அதைப் படிக்கும்போது, நீ குறையை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை என்று அவருக்குப் புரியும். வேறு மண்டிக்குப் போய்விடுவேன் என்று மிரட்டவும் வேண்டாம். ஒரு வாரக் கடன் கொடுக்கிறவர் அவர்.

பலரும் விட்டுவிடுவது அந்த ஜூலை 7ஆம் தேதி வரியைத்தான். நாளை மாற்றும் வாரத்தில் திங்களும் பத்து, வியாழனும் பத்து வந்து இறங்கினால் மூட்டை அடுக்க இடம் இருக்காது. பணமும் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகக் கட்ட வேண்டிவரும். நாள் மாறும் வாரத்துக்கு எத்தனை மூட்டை என்று தனியாக எழுதிவிடு. கூடுதல் இரண்டு மூட்டையையும் அப்படியே மூலையில் போட்டுவிடாதே. புது லோடு வந்ததும் பழைய இரண்டை முதலில் ஊறப்போட்டு, புதிதில் இரண்டை அந்த இடத்தில் வை. இல்லாவிட்டால் வண்டு விழுந்துவிடும்.

கடிதத்தை நேரில் கொடு. ஒரு படம் எடுத்து அவருடைய வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடு. அவர் "சரிம்மா" என்று வாயால் சொன்னால், "வியாழன் காலை 10 மூட்டை, சரி என்று சொன்னீர்கள், நன்றி" என்று அன்றைக்கே ஒரு வரி அனுப்பு. மண்டியில் ஆள் மாறினாலும் அந்த வரி இருக்கும்.

தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாட்களுக்கு இந்த ஏற்பாடு போதாது. அதற்குத் தனியாக, முந்தைய வார ஆர்டரிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

மாற்றம் பலித்ததா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு புதன் இரவும் மூட்டையை எண்ணு. இருப்பு இரண்டும் அப்படியே இருந்தால் ஏற்பாடு சரி. ஒரு மாதம் பார்த்தும் புதன்தோறும் இருப்பில் கைவைக்க வேண்டியிருந்தால் கோளாறு நாளில் இல்லை, உனக்குத் தேவையான அளவு அந்த மண்டியில் இல்லை என்று அர்த்தம். அப்போது வாரத்துக்கு மூன்று மூட்டையாவது இன்னொரு மண்டியிலிருந்து அதே ரக அரிசியாகப் பார்த்து எடுக்க ஆரம்பித்துவிடு, தங்கச்சி.