கடிதம் எழுதும்போது விளம்பரம் பக்கத்தில் இருக்கட்டும்

கேள்வி: என் எம்.எஸ்ஸி. வேதியியல் மாணவி ஜே.ஆர்.எஃப். பணிக்கு விண்ணப்பிக்கிறார். சிறிய பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதலாம்?
– பேராசிரியர், திருச்சி.

பதில்: விளம்பரத்தில் ‘அவசியத் தகுதி’, ‘விரும்பத்தக்க தகுதி’ என்று தனித்தனியாக இருக்கும். நெட், கேட் தேர்ச்சிக்குச் சான்றிதழே சாட்சி. ஒரு வரி போதும். சான்றிதழ் சொல்லாததை நீங்கள் சொல்லுங்கள். எச்.பி.எல்.சி. அனுபவம் கேட்டிருந்தால், அதே சொல்லை எடுத்து எழுதுங்கள்: “விளம்பரம் கோரும் எச்.பி.எல்.சி. அனுபவம் இவருக்கு உண்டு. ஆய்வேட்டுக்காக மஞ்சளில் உள்ள குர்குமினை அளந்தார். கரைசல்களைத் தயாரித்ததும், கருவியை இயக்கியதும், அளவீட்டுக் கோடு வரைந்ததும் அவரே. நான் நேரில் பார்த்தேன்.” இல்லாத தகுதியைப் பூசி மெழுக வேண்டாம்; நேர்காணலில் ‘எந்த அலைநீளத்தில் அளந்தீர்கள்?’ என்ற ஒரே கேள்வியில் வெளிப்பட்டுவிடும்.