கிளாம்பாக்கமா, கேளம்பாக்கமா? காரைக்காலிலிருந்து சென்னை செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்கால் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டிக்குக் காத்திருப்பவர்களில் பலர் ஆஸ்பத்திரிக்கோ, கல்லூரிக்கோ, நேர்முகத்தேர்வுக்கோ போகிறவர்கள். கையில் ஒரு சீட்டு, அதில் ஓர் ஊர்ப் பெயர். சென்னைக்குள் நுழைந்தபின் அந்தப் பெயரைப் போலவே ஒலிக்கும் இன்னொரு பெயர் எதிரே வந்து நிற்கும். ஊரிலேயே, வண்டி ஏறும் முன்பே, இதைச் சரிபார்த்துக்கொள்வது எப்படி என்று பார்ப்போம். அதிகம் குழப்பும் ஒரு பெயர்க் கூட்டத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போகலாம்.

முதலில்: எந்தெந்தப் பெயர்கள்?

கிளாம்பாக்கம், கேளம்பாக்கம், கீழ்ப்பாக்கம். மூன்றும் மூன்று திசையில் உள்ளன.

கிளாம்பாக்கம் தென்சென்னையின் விளிம்பில், ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் இடையே இருக்கிறது. கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது இங்கேதான். கேளம்பாக்கம் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில், நாவலூர், சிறுசேரி, படூர் தாண்டி, திருப்போரூருக்கு முன்னால் வரும். கீழ்ப்பாக்கமோ நகரத்தின் நடுவே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய பகுதி. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை என்றால் அந்த இடம்தான்.

முனையம் திறக்கும்வரை கிளாம்பாக்கம் வெளியூர்க்காரர்கள் யாரும் கேட்டறியாத சிற்றூர். கேளம்பாக்கம் மட்டுமே தெரிந்த பெயராக இருந்தது. இப்போது இரண்டும் தெரிந்த பெயர்கள். பேச்சு வழக்கில் 'கிளம்பு' என்பது 'கெளம்பு' ஆவதுபோல, கிளாம்பாக்கமும் பலர் வாயில் 'கெளாம்பாக்கம்' ஆகிவிடுகிறது. கேளம்பாக்கத்தையும் 'கெளம்பாக்கம்' என்கிறவர்கள் உண்டு. ஆங்கில எழுத்தில் பார்த்தாலும் Kilambakkam, Kelambakkam என்று ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. அதனால் காதால் கேட்டதையோ, வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் வந்த பெயரையோ மட்டும் நம்பிப் புறப்படக் கூடாது.

இரண்டாவது: பெயரோடு சாலையையும் பக்கத்து ஊரையும் எழுதிக்கொள்ளுங்கள்

வரச் சொன்னவரிடம் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள். "எந்த ரோட்டுல இருக்கு? முந்தின ஸ்டாப் எது?" பதிலை அதே சீட்டில் தமிழில் எழுதுங்கள். 'கேளம்பாக்கம், ஓ.எம்.ஆர்., படூருக்கு அடுத்து' என்று இருந்தால் அதை யாரிடம் காட்டினாலும் சரியான இடத்தைத்தான் சொல்வார்கள். வெறும் 'கேளம்பாக்கம்' என்று காட்டினால் அவசரத்தில் பார்ப்பவர் கிளாம்பாக்கம் என்று படித்துவிடலாம்.

மருத்துவமனை, கல்லூரி போன்ற பெரிய அடையாளம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: காரைக்காலில் ஏறும்போதே வழியைக் கேளுங்கள்

பலர் தவறவிடும் படி இது. புதுச்சேரிக்குப் பிறகு சென்னைக்கு இரண்டு வழி உண்டு. திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகப் போகும் வண்டி ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்துக் கிளாம்பாக்கம் வந்துசேரும். மரக்காணம், மாமல்லபுரம் வழியாகப் போகும் வண்டி ஈ.சி.ஆரில், கடலோரமாகக் கோவளத்தைத் தொட்டுப் போகும். கிளாம்பாக்கம் அந்த வழியில் வரவே வராது. எனவே நடத்துனரிடம் "அண்ணே, இது திண்டிவனம் வழியா, ஈ.சி.ஆர். வழியா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

உங்கள் இடம் கேளம்பாக்கம் என்றால் ஈ.சி.ஆர். வண்டிதான் வசதி. கோவளத்தில் இறங்கினால் மேற்கே சில கிலோமீட்டரில் கேளம்பாக்கம். திண்டிவனம் வழி வண்டியில் வந்துவிட்டாலும் தவறில்லை, கூடுதலாக ஒரு பேருந்து மாற வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது: ஓர் உதாரணம்

நெடுங்காட்டிலிருந்து ஓர் அம்மா, கேளம்பாக்கத்தில் உள்ள செட்டிநாடு மருத்துவமனைக்குத் தன் மகனோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு வண்டி திண்டிவனம் வழியாகப் போய் விடியற்காலையில் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறது. பலகையில் இருக்கும் பெயரைப் பார்த்து, வந்து சேர்ந்துவிட்டோம் என்று ஆட்டோவுக்குக் கை காட்டினால், ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்கு வாடகை கொடுக்க நேரும்.

அவர் செய்ய வேண்டியது இது. முனையத்துக்குள்ளேயே மாநகரப் பேருந்துகள் நிற்கும் பகுதிக்குப் போய், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் போகும் வண்டியைக் கேட்க வேண்டும். அந்த நேரத்தில் அங்கே வண்டி இல்லையென்றால் வண்டலூர் சந்திப்புக்குப் போனால் தாம்பரத்திலிருந்து வரும் வண்டி கிடைக்கும். அது கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று போய்க் கேளம்பாக்கத்தில் ஓ.எம்.ஆரைத் தொடும். நகருக்குள் போய்த் திரும்பி வரத் தேவையே இல்லை.

ஐந்தாவது: 'போகுமா' என்று கேட்காதீர்கள்

"கெளம்பாக்கம் போகுமா?" என்று கேட்டால், தன் வண்டி போகும் ஊர் என்று நினைத்து நடத்துனர் "போகும், ஏறுங்க" என்பார். அவர் காதில் விழுந்தது வேறு ஊராக இருக்கலாம். அதற்குப் பதிலாக, "அண்ணே, வண்டலூர்ல நேரா போகுமா, கேளம்பாக்கம் ரோட்டுல திரும்புமா?" என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், அதனால் அவர் ஒரு கணம் நின்று யோசித்துச் சொல்வார்.

தாம்பரத்தில் ஏறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு ஊருக்கும் போகும் வண்டிகள் பெருங்களத்தூர் வழியாக ஒரே சாலையில்தான் வரும். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தால் வண்டலூர்வரை எந்த வித்தியாசமும் தெரியாது. வண்டலூரில் இடப்பக்கம் திரும்பினால் கேளம்பாக்கம், நேரே போனால் கிளாம்பாக்கம். தவறு தெரிந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுங்கள்.

நகருக்குள்ளிருந்து வருகிறீர்கள் என்றால் வேலை சுலபம். சோழிங்கநல்லூர், நாவலூர் என்று வந்தால் ஓ.எம்.ஆர்.; குரோம்பேட்டை, தாம்பரம் என்று வந்தால் ஜி.எஸ்.டி. சாலை. பலகையில் எண்ணைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். 'கட்' சர்வீஸ் என்றால் பாதி வழியிலேயே நின்றுவிடும்.

இதே முறையில் வேறு சில பெயர்கள்

மேடவாக்கம் தெற்கே, வேளச்சேரி தாண்டி இருக்கிறது. மேடவாக்கம் டேங்க் ரோடு கீழ்ப்பாக்கத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே பாதி நகரம் கிடக்கிறது. அண்ணா நகர், அண்ணா சாலை, அண்ணா சதுக்கம் மூன்றும் வேறு வேறு. மெட்ரோவில் 'கோயம்பேடு' நிலையம் தனி; பேருந்து நிலையத்துக்கான நிலையம் அடுத்தது. அதன் பெயர் 2020 முதல் 'புரட்சித் தலைவி டாக்டர் ஜெ. ஜெயலலிதா சி.எம்.பி.டி.' என்று நீண்டுவிட்டதால், கோயம்பேடு என்று அறிவித்ததும் இறங்கிவிடுகிறவர்கள் உண்டு.

திரும்பி வரும்போது

நம் ஊர்ப் பெயருக்கே ஒரு ஜோடி இருக்கிறது: காரைக்கால், காரைக்குடி. ஆன்லைனில் Karaik என்று தட்டினால் Karaikal, Karaikudi இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும், விரல் சற்றே நழுவினால் போதும். பணம் கட்டும் முன் வழி ஊர்களைப் பாருங்கள். கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று இருந்தால் நம் வண்டி. திருச்சி, புதுக்கோட்டை என்று இருந்தால் அது செட்டிநாட்டுக்குப் போகும் வண்டி. பேருந்து நிலையத்தில் நேரில் ஏறும்போதும் ஊர்ப் பெயரோடு "தரங்கம்பாடி, பொறையார் வழியாத்தானே?" என்று சேர்த்துக் கேளுங்கள்.