தேவைப் பதிவேடு: கேட்டதை எழுதினோம், எழுதியதைச் சரிபார்த்தோம்

நான் முன்பு பணியாற்றிய பள்ளியில் மாணவியருக்குப் புதிய கழிப்பறை கட்டினார்கள். திறந்து மூன்று மாதம் ஆகியும் பெண் குழந்தைகள் அதைப் பயன்படுத்தவில்லை. கதவைத் திறந்தால் நேரே விளையாட்டுத் திடல் தெரியும். சிறு பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் எட்டாது. "இதை நான் அன்னைக்குக் கூட்டத்துலயே சொன்னேனே டீச்சர்" என்றார் தூய்மைப் பணியாளர் அக்கா. தீர்மான நோட்டை எடுத்துப் பார்த்தேன். "மாணவியர் கழிப்பறை கட்டித் தரக் கோருவது" என்ற ஒரு வரிதான் இருந்தது. அவர் சொன்னது நோட்டுக்கு வரவே இல்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 22இன்படி பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் கடமை. அந்தத் திட்டத்திற்கு யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி எழுதி வைப்பது என்பதை இப்போதைய நடுநிலைப் பள்ளியில் கை கழுவும் இடம் அமைத்தபோதுதான் கற்றுக்கொண்டேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

யாரிடம் கேட்பது?

முதலில் ஒரு பட்டியல் போட்டோம். கை கழுவும் இடத்தை யார் பயன்படுத்துவார்கள், யார் சுத்தம் செய்வார்கள், தண்ணீர் யார் விடுவார்கள், அது கெட்டுப்போனால் யாருக்குச் சிரமம் என்று நான்கு கேள்விகளை வைத்துக்கொண்டு பெயர்களை எழுதினோம். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள், எட்டாம் வகுப்பு மாணவியர், சத்துணவு சமையலர், தூய்மைப் பணியாளர், சக்கர நாற்காலியில் வரும் மாணவனின் அம்மா என்று பட்டியல் வளர்ந்தது. "தண்ணீர் யார் விடுவார்கள்?" என்று கேட்டதால்தான் ஊராட்சி டேங்க் ஆபரேட்டர் பட்டியலில் சேர்ந்தார். குழுவில் அவர் உறுப்பினர் இல்லை. எங்கள் வேலையையே காப்பாற்றிய தகவல் அவரிடம்தான் இருந்தது.

தனித்தனியாகக் கேட்டது

ஒவ்வொருவரிடமும் அவர் வேலை செய்யும் இடத்திலேயே 15 நிமிடம் பேசினோம். ஒருவர் கேட்க, இன்னொருவர் எழுதினார். "என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் "இன்னும் நாலு குழாய்" என்றே சொன்னார்கள். அதனால் கேள்வியை மாற்றி, "நேற்று மதியம் மணி அடித்ததிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்க" என்றோம். அப்போதுதான் விவரம் வந்தது. "பெரிய அண்ணனுங்க வந்துட்டா நான் கழுவாமலே போய் உட்காந்துருவேன் மிஸ்" என்றான் இரண்டாம் வகுப்பு மாணவன்.

டேங்க் ஆபரேட்டர், "காலையில ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும்தான் உங்க தெருவுக்குத் தண்ணி. அப்போ ஸ்கூல் பூட்டிருக்கும். வால்வு உள்ள இருக்கு, நான் எப்படித் திறக்கிறது?" என்றார். குழாய் எத்தனை வைத்தாலும் பள்ளித் தொட்டி நிறையாது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டினோம். ஐந்தில் ஒருவராவது "அப்படி இல்ல டீச்சர்" என்று திருத்துவார். அன்று மாலையே செம்மைப்படி எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் அவர்கள் சொன்னது போய், நாம் நினைத்தது வந்துவிடும். கடைசி மூன்று பேரிடம் புதிதாக எதுவும் வராதபோது கேட்பதை நிறுத்தினோம்.

கூடிப் பேசியது

பிறகு 14 பேரை ஒன்றரை மணி நேரம் கூட்டினோம். முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு அட்டையில் எழுத வேண்டும். எழுத வராதவர்களுக்கு எட்டாம் வகுப்பு மாணவியர் எழுதிக் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர் முதலில் பேசினால் தாய்மார்கள் அதையே ஆமோதித்துவிடுவார்கள் என்பதால்தான் இந்த ஏற்பாடு. தலைமையாசிரியர் கடைசியாகப் பேசினார்.

தனித்தனியாகக் கேட்டபோது தெரியாத முரண்பாடு கூட்டத்தில் வெளிப்பட்டது. கை கழுவும் இடம் சமையலறைப் பக்கம் வேண்டும் என்றார் சமையலர். கூடவே கூடாது என்றார் தூய்மைப் பணியாளர். யார் சொல்வது சரி என்று வாதாடாமல் இருவரிடமும் "ஏன்?" என்று கேட்டோம். பிள்ளைகள் தட்டோடு வெகுதூரம் நடந்தால் சாப்பாடு கொட்டுகிறது என்பது முதலாமவர் கவலை. கழிவுநீர் சமையலறை வாசலில் தேங்கும் என்பது மற்றவர் கவலை. இரண்டையும் தனித்தனித் தேவையாக எழுதியதும் வழி தெரிந்தது. இடம் சமையலறை அருகிலேயே இருக்கட்டும், கழிவுநீர் மட்டும் வாய்க்கால் வழியாகப் பின்புறத் தோட்டத்திற்குப் போகட்டும் என்று முடிவானது.

இறுதியில் அட்டைகளை மூன்றாகப் பிரித்தோம்: இல்லாமல் முடியாது, இருந்தால் நல்லது, பிறகு பார்க்கலாம். மூன்றாவது வகையையும் தூக்கி எறியவில்லை, பதிவேட்டில் ஏற்றினோம்.

எழுதி வைத்தது

கோடு போட்ட நோட்டில் ஒரு தேவைக்கு ஒரு எண் கொடுத்தோம். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

எண்: 3
தேவை: மதிய இடைவேளையில் 240 பிள்ளைகளும் 10 நிமிடத்திற்குள் கை கழுவி முடிக்க வேண்டும்.
சொன்னவர்: இரண்டாம் வகுப்பு மாணவன், சமையலர்
ஏன்: சிறியவர்கள் கழுவாமலே சாப்பிடுகிறார்கள்.
சரிபார்ப்பது: மணி அடித்ததிலிருந்து கடிகாரம் வைத்துப் பார்ப்பது.
நிலை: இல்லாமல் முடியாது

"குழாய் போதவில்லை" என்று எழுதியிருந்தால் எத்தனை வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைக்கு 20 விநாடி என்றால் 240 பேருக்கு 4,800 விநாடி. இருந்த 4 குழாயில் 20 நிமிடம் ஆகும், 8 குழாய் இருந்தால் 10 நிமிடத்தில் முடியும். சரிபார்க்கும் வழியை எழுதியதால் குழாயின் எண்ணிக்கை தானாக வந்தது. எண் 7, வால்வு: பள்ளி பூட்டியிருக்கும்போதும் தொட்டி நிறைய வேண்டும்.

எதையும் அழிக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம். கைவிட்டால் ஒரு கோடு போட்டு, தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். "ஏன்" என்ற கட்டம் காலியாக இருந்தால், அது கேட்டு வாங்கிய தேவையல்ல, நாமாக எழுதியது என்று பொருள். அப்படி இருந்த இரண்டு பதிவுகளுக்கு மறுபடி போய்க் கேட்டு வந்தோம்.

பதிவேடு கைகொடுத்தது

தீர்மானத்தில் "தேவை எண் 1 முதல் 11 வரை, இணைப்பு காண்க" என்று எழுதினோம். மதிப்பீடு வந்ததும் அதையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக டிக் செய்தோம். எட்டு குழாய், இரண்டு உயரம், சாய்தளம், வாய்க்கால் எல்லாம் இருந்தன. எண் 7 மட்டும் இல்லை. பொறியாளரிடம் காட்டினோம். வால்வு மதிற்சுவருக்கு வெளியே பூட்டுள்ள பெட்டிக்கு மாறியது. சாவி டேங்க் ஆபரேட்டரிடம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் தவறவிட்டோம். நாங்கள் கேட்டதெல்லாம் நவம்பரில். மழைக்காலத்தில் யாரும் கோடையைப் பற்றிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வந்தது. இருந்த தொட்டி இரண்டு நாளுக்குப் போதவில்லை. இப்போது எங்கள் கேள்விப் பட்டியலில் "ஏப்ரலில் இது எப்படி இருக்கும்?" என்பதும் சேர்ந்திருக்கிறது. பதிவேட்டில் எண் 12 பெரிய தொட்டி. அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம்.